ஜெட் சர்வீஸ் செய்யும்போது இன்டோர் போர்டுக்குத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது? அதை எப்படித் தடுப்பது?

பல்லடத்தறி

வணக்கம். பல்லடம் பக்கம் தறிக்கூடத்தை ஒட்டிய அலுவலக அறையில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி ஒன்று ஓடுகிறது. ஃபில்டரை வாரந்தோறும் கழுவுகிறோம். ஆனாலும் தறியிலிருந்து பறக்கும் பஞ்சுத் தூசு ஃபில்டரைத் தாண்டி உள்ளே போய், காயிலின் மேல்பகுதியிலும் புளோயர் இதழ்களின் உட்குழிவிலும் நனைந்த கம்பளிபோல் படிந்துவிட்டது. காற்றின் வேகம் பாதியாகக் குறைந்து, அறையில் ஊறல் வாடையும் வருகிறது. ஆகவே காயிலையும் புளோயரையும் தண்ணீர் ஜெட் வைத்துக் கழுவியே தீர வேண்டும்.

தயக்கத்திற்குக் காரணம் இதுதான். பக்கத்து நிறுவனத்தில் இதே வேலையை ஆள் வைத்துச் செய்தார்கள். போர்டின்மேல் பாலித்தீன் பையைச் சுற்றித்தான் கழுவினார்கள் என்றாலும், மறுநாளே ரிமோட்டுக்கு ஏசி அசையவில்லை. போர்டை மாற்ற வேண்டியதாயிற்று. நேராக அதன்மேல் யாரும் தண்ணீர் அடிக்காதபோது போர்டு எப்படி நனைந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. தண்ணீர் போகும் வழி தெரிந்தால் அந்த வழியை அடைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பவானிக்கூடல்

இதற்கு இவ்வளவு யோசனை தேவையில்லை என்பது என் கருத்து. எங்கள் வீட்டில் தோட்டத்து மோட்டார் குழாயையே திருப்பி, மேலிருந்து கீழாக அடித்துவிடுவோம். மழையில் நனையும்படியாகவே செய்யப்பட்ட இயந்திரம் அது. பல வருடங்களாக ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துத் தகட்டைக்கூடக் கழற்றியதில்லை.

பல்லடத்தறி

ஐயா, நீங்கள் சொல்வது வெளியே மாட்டியிருக்கும் அவுட்டோர் என்று நினைக்கிறேன். நான் கேட்பது அறைக்குள் சுவரில் இருக்கும் இன்டோர் பகுதியைப் பற்றி.

பவானிக்கூடல்

ஆமாம், அவுட்டோரைத்தான் சொன்னேன். தலைப்பைச் சரியாகப் படிக்கவில்லை. இன்டோரை நான் கழுவியதில்லை.

சூலூர்வாசி

பாலித்தீனைச் சரியாகச் சுற்றாததே அந்தப் போர்டு போனதற்குக் காரணமாக இருக்கும். நான் வீட்டிலேயே கழுவுபவன். போர்டு இருக்கும் வலது பக்கம் முழுவதையும் தடித்த பாலித்தீனால் மூன்று சுற்று சுற்றி, மேலும் கீழும் டேப்பை இறுக்கி ஒட்டி, காற்றுக்கூடப் புகாதபடி மூடிவிட்டால் தண்ணீர் உள்ளே போக வழியே இல்லை. கார் கழுவும் பிரஷர் வாஷரைத்தான் பயன்படுத்துகிறேன். அழுக்கு ஒரே அடியில் வந்துவிடும்.

நொய்யல்கரை

நான் கோவையில் ஏசி சர்வீஸ் தொழிலில் இருப்பவன். மூட வேண்டும் என்று சூலூர் நண்பர் சொல்வது சரி. காற்றுப் புகாமல் மூட வேண்டும் என்பதுதான் சிக்கலைக் கொண்டுவருகிறது. ஜெட் நேராகப் பட்டு நனைந்த போர்டை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் தண்ணீர் மூன்று வழிகளில் வருகிறது. பல்லடத்து நண்பர் கேட்டதும் அதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் வழி ஒயர். காயிலின் முகப்பில் அறை வெப்பத்தை அளக்கும் சென்சாரும், காயிலின் ஓரத்தில் செம்புக் குழாயோடு ஒட்டிய சிறு குழலுக்குள் காயில் சென்சாரும் செருகப்பட்டிருக்கும். இவ்விரண்டின் ஒயர்களும் ஈரமான காயிலிலிருந்து நேராகப் போர்டுப் பெட்டிக்குள் போகின்றன. பெட்டி தாழ்வாகவும் சென்சார் உயரமாகவும் இருந்தால், ஒயரின்மேல் படும் தண்ணீர் அதைப் பற்றிக்கொண்டே இறங்கிப் போர்டின் கனெக்டரில் போய் நிற்கும். பாலித்தீனை எத்தனை சுற்று சுற்றினாலும் ஒயர் அதன் ஊடாகத்தான் போகிறது. தண்ணீரும் அதனோடு போகிறது. கீழ்ப்பக்கமும் டேப் ஒட்டப்பட்டிருந்தால் உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடுகிறது.

இரண்டாவது வழி புளோயரின் சுழற்சி. ஜெட் இதழில் பட்டதும் அந்த நீண்ட உருளை வேகமாகச் சுழன்று, அழுக்குத் தண்ணீரை நாலாபுறமும் வீசும். வலது ஓரத்தில் மோட்டார் தண்டு நுழையும் இடைவெளி வழியாக அந்தத் தெறிப்பு மோட்டாருக்கும் அதை அடுத்துள்ள பெட்டிக்கும் போகும்.

மூன்றாவது வழி டிரெய்ன் ட்ரே. கழுவும்போது பெயர்ந்து வரும் பஞ்சு, டிரெய்ன் குழாயின் வாயை அடைத்துக்கொள்கிறது. ட்ரே நிரம்பி ஓரமாக வழியத் தொடங்கும். போர்டு இருக்கும் பக்கம் ஏசி சற்றுச் சாய்ந்து மாட்டப்பட்டிருந்தால் அந்த வழிவு போர்டின் பக்கமே திரும்பும். கழுவுபவரின் கவனம் முழுவதும் ஜெட்டில் இருப்பதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை. தறிக்கூடத்துப் பஞ்சு இருக்கும் இடத்தில் மூன்றிலும் ஆபத்தானது இதுவே.

ஆகவே நான் செய்யும் முறை இது. முதலில் எம்சிபியை இறக்குவேன். ரிமோட்டில் நிறுத்தினால் போதாது, ஸ்டெபிலைசரை மட்டும் நிறுத்துவதும் போதாது. இன்வெர்ட்டர் ஏசிகளில் சிலவற்றின் இன்டோர் போர்டிலேயே 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட டிசி தேங்கி நிற்கும். அது வடிய பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். பிறகு முன்பக்கக் கூட்டைக் கழற்றி, ஈரம் படும் முன்பே, உலர்ந்த நிலையிலேயே பஞ்சை வாக்குவம் கிளீனராலும் மென்மையான தூரிகையாலும் எடுக்க வேண்டும். நனைந்த பஞ்சு பசையாகி ஃபின்னுக்குள் அமிழ்ந்துவிடும் என்பதால் இந்த ஒரு வேலையே பாதிக் கழுவலுக்குச் சமம். அடுத்து ட்ரேயில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, வெளியே குழாய் தடையின்றி ஓடுகிறதா என்று பார்ப்பேன். ஓடவில்லை என்றால் அதைச் சரிசெய்யும் வரை ஜெட்டைத் தொடுவதில்லை.

பிறகுதான் போர்டு. பல மாடல்களில் ஓரிரு திருகுகளைக் கழற்றி, கனெக்டர்களை எடுத்தால் பெட்டி முழுவதும் வெளியே வந்துவிடும். அப்படி வந்தால் அதை எடுத்து வேறு அறையில் வைத்துவிடுவதே மேல். மேசையில் இருக்கும் போர்டை எந்தத் தண்ணீரும் நனைக்காது. வெளியே வராத மாடல்களில், சென்சார்களைக் காயிலிலிருந்து உருவி, போர்டின் உயரத்திற்குக் கீழே தொங்கவிட்டு, காயில் பக்கத்திலிருந்து பெட்டிக்குப் போகும் மற்ற ஒயர்கள் பெட்டியில் நுழையும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறும்படி வளைத்துக் கட்டுவேன். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், மேலே ஏறாது. பாலித்தீனை மேலிருந்து போர்த்தி, மேல் விளிம்பையும் காயில் பக்க விளிம்பையும் மட்டும் டேப்பால் ஒட்டி, அடிப்பக்கத்தைத் திறந்தே விட வேண்டும்.

பல்லடத்தறி

மிக்க நன்றி அண்ணா. எங்கள் ஏசியில் பெட்டி வெளியே வரும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஒயர்கள் ஏழெட்டு இருக்கின்றன. மாற்றிச் செருகிவிட்டால் என்ன ஆகும்? ஜெட்டை எந்தத் திசையில் பிடிப்பது, எவ்வளவு அழுத்தம் என்பதையும் சொல்லுங்கள்.

நொய்யல்கரை

கழற்றும் முன் கைப்பேசியில் இரண்டு கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கனெக்டர்கள் பெரும்பாலும் அளவிலும் நிறத்திலும் வேறுபடும். ஒன்றுபோல் இருக்கும் இரண்டில் மட்டும் பேனாவால் குறியிடுங்கள். புளோயர் மோட்டாரின் கனெக்டரை மின்சாரம் இருக்கும்போது ஒருபோதும் எடுக்கவோ செருகவோ கூடாது. டிசி மோட்டாராக இருந்தால் மோட்டாரும் போர்டும் சேர்ந்தே போகும்.

அழுத்தத்தைப் பொறுத்தவரை கார் வாஷரை நான் ஏற்க மாட்டேன். காயிலின் அலுமினிய ஃபின் மிக மெல்லியது. கார் வாஷரின் கூரிய நீர்க்கோடு கிட்டத்தில் பட்டால் ஃபின் வரிசையாகப் படுத்துவிடும், படுத்த இடத்தில் காற்றுப் போகாது. ஏசி வேலைக்கென்று விற்கும் சிறு பம்பும் விசிறிபோல் விரியும் நாசிலும் போதும். ஒரு அடி தூரத்தில், ஃபின்னுக்கு நேர்செங்குத்தாகப் பிடித்து, மேலிருந்து கீழாக மெதுவாக நகர்த்த வேண்டும். சாய்த்துப் பிடித்தால் குறைந்த அழுத்தத்திலும் ஃபின் மடியும். அழுக்கைக் கரைக்க மிதமான காயில் கிளீனரோ, நீர்த்த சோப்புக் கரைசலோ போதும். ஆசிட்டும் காஸ்டிக்கும் அலுமினியத்தை அரித்துவிடும்.

புளோயரில் ஜெட் அடிக்கும்போது உருளையைச் சுழல விடாதீர்கள். காற்று வெளிவரும் வாய் வழியாக ஒரு மரக்குச்சியால் இதழைத் தடுத்துப் பிடித்து, கண்ணுக்குத் தெரியும் சில இதழ்களை மட்டும் கழுவி, பிறகு கையால் சற்றுத் திருப்பி அடுத்தவற்றைக் கழுவ வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் வீச்சு இருக்காது. காந்தம் உள்ள டிசி மோட்டார் ஜெட்டின் வேகத்தில் சுழன்றால் அதுவே மின்சாரம் உண்டாக்கிப் போர்டுக்குத் திருப்பி அனுப்பும் என்பதும் தடுத்துப் பிடிக்க இன்னொரு காரணம். மோட்டார் இருக்கும் ஓரத்தில் கடைசி நான்கு விரற்கடை அகலத்திற்கு ஜெட்டே வேண்டாம். பழைய பல் தூரிகையால் தேய்த்து, ஈரத்துணியால் துடையுங்கள். அதற்கு முன்புள்ள பகுதியிலும் நாசிலின் முகம் எப்போதும் மோட்டாருக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கட்டும்.

சில புளோயர்களின் இதழில் சிறிய உலோகக் கிளிப் மாட்டியிருக்கும். எடைச் சமநிலைக்காகத் தொழிற்சாலையில் மாட்டியது அது. அழுக்கென்று நினைத்து எடுத்துவிட்டால் ஓடும்போது அதிர்வு வரும்.

சூலூர்வாசி

அடிப்பக்கத்தைத் திறந்து விடுவது எனக்குப் புதிது. காரணம் விளங்குகிறது, இனி அப்படியே செய்கிறேன். ஆனால் பிரஷர் வாஷரை இரண்டடி தள்ளிப் பிடித்தால் ஃபின் மடிவதில்லை என்பது என் அனுபவம். அதைக் கூடாது என்று ஒதுக்கிவிடத் தேவையில்லை.

நொய்யல்கரை

தள்ளிப் பிடித்தால் ஃபின் தப்பும். ஆனால் தெறிப்பு அதிகமாகும். அறைக்குள் நம் வேலையே தெறிப்பைக் குறைப்பதுதான் என்பதால் எனக்கு அது ஒத்துவரவில்லை.

ஆழியாறு

பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேன். என் சிக்கலும் இதோடு சேர்ந்ததா என்று தெரியவில்லை. சித்திரையில் எங்கள் படுக்கையறை ஏசியை ஜெட் சர்வீஸ் செய்தார்கள். போர்டைக் கழற்றாமல் பை சுற்றித்தான் செய்தார்கள். கழுவியபின் நன்றாகவே ஓடியது. ஆடிக் காற்று தொடங்கியதிலிருந்து வேறுவிதமாக நடந்துகொள்கிறது. இரவில் மூன்று மணிநேரம் ஓடினால் காயிலில் பனிக்கட்டி படிந்து, காற்று நின்று, பிறகு உருகித் தண்ணீர் சுவரில் வழிகிறது. வந்து பார்த்தவர் கேஸ் குறைவு, நிரப்ப வேண்டும் என்கிறார். போர்டு நனைந்திருந்தால் ஏசி ஓடவே ஓடாது அல்லவா?

சென்னிமலை

அம்மணி, கேஸ் நிரப்பும் முன் சற்றுப் பொறுங்கள். நான் போர்டு ரிப்பேர் செய்பவன். நனைந்த போர்டு உடனே சாக வேண்டும் என்பதில்லை. எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். கனெக்டரில் நின்ற சொட்டு வெயில் காலத்தில் உலர்ந்துவிடும், உப்பு மட்டும் இரண்டு பின்களுக்கு நடுவே வெள்ளைப் படலமாகத் தங்கும். உலர்ந்த உப்பில் மின்சாரம் போகாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வரத் தொடங்கியதும் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு, மெல்லிய கசிவுப் பாதையாகிவிடும். பொள்ளாச்சி அந்தக் காற்றின் வாயிலிலேயே இருக்கிறது.

அந்தக் கசிவு காயில் சென்சாரின் கனெக்டரில் இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அந்தச் சென்சார் குளிர ஆகக் குளிர ரெசிஸ்டன்ஸ் கூடும் வகை. பல ஏசிகளில் இருக்கும் 10 கிலோ ஓம் சென்சார், 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும். காயில் 0 டிகிரிக்கு இறங்கினால் ஏறத்தாழ 33 கிலோ ஓம் காட்டும். அதைப் பார்த்துத்தான் பனி படியும் முன் போர்டு கம்ப்ரசரை நிறுத்துகிறது. பின்களுக்கு நடுவே 50 கிலோ ஓம் அளவில் உப்புக் கசிவு இருந்தால், இரண்டும் இணையாகச் சேர்ந்து போர்டுக்கு 20 கிலோ ஓம்தான் தெரியும். அது 10 டிகிரிக்குரிய அளவு. காயில் உறைந்துகொண்டிருக்க, போர்டோ அது 10 டிகிரியில் இருப்பதாக நம்பிக் கம்ப்ரசரை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

இதே கசிவு அறைச் சென்சாரில் இருந்தால் வேறுவிதமாகத் தெரியும். அறை உண்மையில் 25 டிகிரி இருக்கும்போது போர்டுக்கு 29 டிகிரி என்று படும். நீங்கள் வைத்த அளவுக்கு அறை குளிர்ந்த பிறகும் ஏசி நிற்காது. அறை நடுங்கக் குளிர்கிறது, மின்கட்டணம் கூடுகிறது என்று வருபவர்களிடம் கடைசியாக ஜெட் சர்வீஸ் செய்தது எப்போது என்று கேட்பது என் வழக்கம்.

சோதிப்பது கடினமில்லை. எம்சிபியை இறக்கி, சற்றுப் பொறுத்து, காயில் சென்சாரின் கனெக்டரைப் போர்டிலிருந்து உருவி, மல்டிமீட்டரில் சென்சாரை மட்டும் அளக்கச் சொல்லுங்கள். பிறகு அதன் முனையைப் பனிக்கட்டித் தண்ணீரில் இரண்டு நிமிடம் வைத்து மீண்டும் அளக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் சென்சார் நல்லது. கசிவு போர்டுப் பக்கம் இருக்கிறது. பனிக்கட்டித் தண்ணீரில் அளவு ஏறாமல் குறைவாகவே நின்றால் சென்சாரின் உள்ளேயே தண்ணீர் புகுந்திருக்கிறது. அதை மாற்றினால் போதும். உங்கள் மாடலின் சென்சார் 10 கிலோ ஓம் இல்லாமல் 5 அல்லது 20 கிலோ ஓமாகவும் இருக்கலாம். அதற்கேற்ப எண்கள் மாறும்.

நொய்யல்கரை

சென்னிமலை நண்பர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கேஸ் குறைவாலும் பனி படியும் என்பது உண்மை. ஆனால் அப்போது காயில் முழுவதும் உறையாது. கேஸ் நுழையும் பக்கத்தில் மட்டும் பனி தொடங்கும், மற்ற பகுதி குளிராமல் இருக்கும், அறையும் சரியாகக் குளிராது. உங்கள் அறை முதல் இரண்டு மணிநேரம் நன்றாகக் குளிர்கிறதென்றால் கேஸ் மீது எனக்குச் சந்தேகம் குறைவு. அழுத்தத்தையும் கரண்ட்டையும் அளந்து காட்டாமல் யாரையும் கேஸ் நிரப்ப விடாதீர்கள்.

ஆழியாறு

தம்பி முறையுள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துச் சோதித்தோம். உருவிய காயில் சென்சார், 28 டிகிரி அறையில் 9 கிலோ ஓமுக்குச் சற்றுக் கீழே காட்டியது. பனிக்கட்டித் தண்ணீரில் 32ஐத் தாண்டியது. போர்டை வெளியே எடுத்துப் பார்த்தபோது, சென்சார் கனெக்டரின் பின்களுக்கிடையே வெள்ளையாகப் பொரிந்திருந்ததைக் கண்ணாலேயே காண முடிந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தூரிகையை நனைத்துத் தேய்த்து, ஒருநாள் முழுவதும் நிழலில் உலரவிட்டு மாட்டினார். அதன்பின் பனி படியவில்லை. இது நிரந்தரமாகச் சரியாகிவிட்டதா, அடுத்த ஆடியில் திரும்புமா?

சென்னிமலை

சென்சார் அளவு சரியாகவே இருக்கிறது. கசிவு கனெக்டரில்தான் இருந்திருக்கிறது. திரும்புமா என்பது பின்னின் அடியில் உப்பு எவ்வளவு இறங்கியிருந்தது என்பதைப் பொறுத்தது. மேலே தேய்த்தது போகும். பிளாஸ்டிக் சாக்கெட்டுக்கும் போர்டுக்கும் இடையே புகுந்தது போகாது. பச்சை நிறம் தெரிந்திருந்தால் செம்பு அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்; அப்போது சாக்கெட்டையே எடுத்து மாற்றுவேன். உங்களுடையதில் வெள்ளை மட்டும் என்பதால் நம்பிக்கை உண்டு, உறுதி சொல்ல முடியாது.

பல்லடத்து நண்பருக்கும் இதிலிருந்து ஒரு வேண்டுகோள். சோப்பும் அழுக்கும் போக போர்வெல் தண்ணீரைப் பயன்படுத்தினாலும், கடைசி அலசலை சிறுவாணித் தண்ணீரிலோ ஆர்ஓ தண்ணீரிலோ செய்யுங்கள். எங்காவது ஒரு சொட்டு தங்கினாலும் உப்பு தங்காது.

ஆனால் ஒரு விஷயத்தில் நொய்யல்கரை அண்ணாவோடு உடன்படவில்லை. தறிக்கூடத்துப் பஞ்சு எண்ணெயோடு சேர்ந்து இறுகிய புளோயரை மாட்டிய இடத்திலேயே கழுவுவதைவிட, உருளையைக் கழற்றி வெளியே எடுத்துக் கழுவுவதே முறை என்பேன். ஜெட்டின் வீச்சு என்ற கேள்வியே எழாது.

நொய்யல்கரை

வீட்டு ஏசிக்கு மாட்டிய இடத்திலேயே போதும். தறிக்கூடத்திற்கு நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் தயக்கம் செம்புக் குழாய் பற்றியது. உருளையை எடுக்க, தண்டின் திருகைத் தளர்த்தி, பல மாடல்களில் காயிலின் இடது ஓரத்தைத் தூக்க வேண்டியிருக்கும். பழைய காயிலைத் தூக்கும்போது குழாய் வளைந்து, கண்ணுக்குத் தெரியாத கசிவு தொடங்கிவிடலாம். காயிலைத் தொடாமல் உருளை வெளிவரும் மாடலாக இருந்தால் எடுத்துவிடுங்கள் என்பேன். இல்லையென்றால் நான் எடுக்க மாட்டேன்.

சென்னிமலை

இரண்டு பேராகத் தூக்கினால் குழாய் வளையாது என்பது என் அனுபவம். ஆனால் தனியாளாகச் செய்பவருக்கு உங்கள் எச்சரிக்கை பொருந்தும்.

பல்லடத்தறி

எங்கள் மாடலில் காயிலைத் தூக்காமல் உருளை வராது என்று பார்த்தபோது தெரிந்தது. ஆகவே போர்டை வெளியே எடுத்துவிட்டு, மாட்டிய இடத்திலேயே கழுவ முடிவு செய்திருக்கிறேன். கழுவி முடித்ததும் எவ்வளவு நேரம் கழித்து மின்சாரம் கொடுக்கலாம்?

நொய்யல்கரை

நேரத்தைவிட நிலையைப் பாருங்கள். ட்ரேயில் மறுபடி ஒரு சொம்பு ஊற்றி, குழாய் ஓடுவதை உறுதி செய்யுங்கள். பெயர்ந்த பஞ்சு இப்போதுதான் அங்கே போயிருக்கும். புளோயர் இதழ்களைத் துணியால் ஒற்றி எடுங்கள்; இல்லையென்றால் முதல் சுழற்சியிலேயே அந்தத் தண்ணீர் மோட்டார் பக்கம் வீசப்படும். மோட்டார் தண்டின் ஓரம், சென்சார் ஒயர்கள், கனெக்டர் முனைகள் மூன்றும் விரலுக்கு உலர்ந்ததாகத் தெரிந்த பிறகே போர்டை மாட்டுங்கள். நான் குறைந்தது இரண்டு மணிநேரம் விடுவேன். ஆடி மாதமென்றால் இரவு முழுவதும் விடுவேன். காயில் சென்சாரைப் பழைய குழலுக்குள் முழு ஆழத்திற்குச் செருக மறக்காதீர்கள். வெளியே தொங்கினால் அதுவும் தவறான வெப்பத்தைத்தான் சொல்லும். முதலில் அரைமணிநேரம் ஃபேன் மட்டும் ஓடட்டும், கூலிங் அதன் பிறகு. அந்த அரைமணிநேரத்தில் லூவர் தானாக அசைந்தாலோ, ஃபேன் வேகம் நீங்கள் சொல்லாமலே மாறினாலோ, பீப் ஒலி வந்தாலோ உடனே எம்சிபியை இறக்கிப் போர்டை மறுபடி வெளியே எடுங்கள்.